பிரஷர் மாத்திரையால் கால் வீக்கமா, வறட்டு இருமலா? நிறுத்தாமல் மாற்றிக் கேட்பது எப்படி

மருந்துக்கடை கவுண்டருக்கு உள்ளே நிற்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்குபவர் இரண்டு மாதமாக வரவில்லை. பிறகு ஒருநாள் வேறு எதற்கோ வருகிறார். கேட்டால், "அந்த மாத்திரை கால் வீங்க வெச்சுது, நிறுத்திட்டேன்" என்பார். அல்லது, "இருமல் தாங்கல, விட்டுட்டேன்." டாக்டரிடம் சொன்னீர்களா என்றால், இல்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு மாத்திரை இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கமும் உண்டு.

இந்த இரண்டு தொந்தரவுகளும் ரத்தக்கொதிப்பு மருந்துகளில் நன்கு அறியப்பட்டவை. எந்த மருந்தால் வரும், ஏன் வரும், அதற்குப் பதில் என்ன கொடுக்கலாம் என்பதெல்லாம் மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்கு அது வந்திருக்கிறது என்பது மட்டும்தான். அதைச் சொல்லி, மாற்று மருந்து வாங்கி, மாற்றம் சரியாக அமைந்ததா என்று பார்ப்பதுவரை படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த மாத்திரை என்று அட்டையைப் பாருங்கள்

"சின்ன வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. அட்டையின் பின்பக்கம், கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். கண் தெரியாவிட்டால் ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பெயரின் கடைசி அசையைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும். "டிபின்" என்று முடிந்தால் (அம்லோடிபின், நிஃபெடிபின்) கால் வீக்கத்துக்குச் சந்தேகப்பட வேண்டிய வகை. "பிரில்" என்று முடிந்தால் (எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில்) வறட்டு இருமலுக்குச் சந்தேகப்பட வேண்டிய வகை. "சார்டன்" என்று முடிபவை (டெல்மிசார்டன், லோசார்டன், ஓல்மெசார்டன்) பெரும்பாலும் இந்த இரண்டையும் செய்யாதவை.

ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்திருப்பதும் உண்டு. டெல்மிசார்டனுடன் அம்லோடிபின் சேர்ந்த மாத்திரையின் கம்பெனிப் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் "ஏஎம்" என்ற எழுத்துகள் ஒட்டியிருக்கும். "நான் டெல்மிசார்டன்தான் சாப்பிடுகிறேன், எனக்கு ஏன் கால் வீங்குகிறது" என்று கேட்பவர்கள் பலரின் அட்டையில் இந்த "ஏஎம்" இருப்பதைப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: கால் வீக்கம் மாத்திரையால்தானா?

அம்லோடிபின் ரத்தத்தைக் கொண்டுபோகும் சிறிய தமனிகளைத் தளர்த்தி விரிக்கிறது. பிரஷர் இறங்குவது அதனால்தான். ஆனால் ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் சிரைகளை அது அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வயலுக்குத் தண்ணீர் வரும் மடையை அகலத் திறந்துவிட்டு, வடிகாலைப் பழையபடியே விட்டால் என்ன ஆகும்? தண்ணீர் தேங்கும். அதுபோல நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து சுற்றியுள்ள சதையில் தங்குகிறது. பூமி ஈர்ப்பால் அது கணுக்காலில் போய்ச் சேர்கிறது.

இது மருந்தின் அளவைப் பொறுத்தது. அம்லோடிபினுக்கான மருத்துவச் சோதனைகளில் 5 மி.கி. எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கும், 10 மி.கி. எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கும் வீக்கம் வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதனால், "ஐந்தில் நன்றாக இருந்தேன், பத்தாக ஏற்றியபின் கால் வீங்கியது" என்பது இந்த மருந்தின் அச்சு அசல் கதை.

மாத்திரையால் வரும் வீக்கத்துக்கு ஒரு சாயல் உண்டு. இரண்டு காலிலும் வரும். காலையில் எழும்போது குறைந்திருந்து, சாயங்காலம் கூடும். கொலுசு இறுகும், செருப்பு வாரின் தடம் பதியும். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன் எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்துப் பத்து வரை எண்ணி அழுத்தி எடுங்கள். சிறு பள்ளம் விழுந்து மெதுவாக நிரம்பும். வலி பெரிதாக இருக்காது. மூச்சு வாங்காது. மாத்திரை தொடங்கியோ அளவு கூட்டியோ சில வாரங்களில் வந்திருக்கும். நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கும், நீண்ட பஸ் பயணம் போனவர்களுக்கும், வெயில் காலத்திலும் இன்னும் கூடும்.

இந்தச் சாயல் இல்லாவிட்டால் மாத்திரைமேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒரு காலில் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாகவோ சிவந்தோ இருந்தால் சிரையில் ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணையை உயர்த்தினால்தான் தூக்கம், சில நாட்களிலேயே எடை கூடிவிட்டது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். காலையில் முகமும் கண் இமையும் உப்பி, சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும்.

மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவையும் நீரைத் தேக்கிக் காலை வீங்க வைக்கும். கூடவே பிரஷரையும் ஏற்றிவிடும். பிரஷர் மாத்திரைமேல் குற்றம் சொல்வதற்குமுன், "வேறு என்ன சாப்பிடுகிறேன்" என்று ஒருமுறை யோசியுங்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் பையோகிளிட்டசோனும், நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலினும் இதே வேலையைச் செய்யக்கூடியவை.

மூன்றாம் படி: இருமல் மாத்திரையால்தானா?

பிரில் வகை மருந்துகள் உடலில் ஒரு நொதியைத் தடுத்து வேலை செய்கின்றன. அந்த நொதிக்கு இரண்டு வேலை. ஒன்று, ரத்தக்குழாயைச் சுருக்கும் பொருளை உருவாக்குவது. இன்னொன்று, பிராடிகினின் என்ற பொருளை உடைத்து அகற்றுவது. மருந்து நொதியைத் தடுக்கும்போது முதல் வேலை நின்று பிரஷர் இறங்குகிறது, இரண்டாவது வேலையும் நின்று பிராடிகினின் சேர்கிறது. அது மூச்சுக்குழாயின் உணர்நரம்புகளை உறுத்தி இருமலைக் கிளப்புகிறது. (பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராயப்போய்க் கிடைத்த அறிவிலிருந்து பிறந்த மருந்து வகை இது.)

இந்த இருமல் சளி இல்லாதது. தொண்டையில் ஏதோ அரிப்பது, கிச்சுகிச்சு மூட்டுவது போல இருக்கும். காய்ச்சல் கிடையாது. படுத்தால் கூடும் என்று பலர் சொல்வார்கள். பெண்களுக்கு அதிகம் வருகிறது, ஆசியர்களுக்கும் அதிகம். சில பெண்களுக்கு இருமும்போது சிறுநீர் கசிந்துவிடும். வெட்கப்பட்டு அதை வெளியே சொல்லாமல், வெளியூர் போவதையே நிறுத்திவிடுவார்கள். டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம் இது. தொந்தரவு எவ்வளவு பெரியது என்று அவருக்கு உடனே புரியும்.

குழப்பம் வருவது காலத்தில்தான். மாத்திரை தொடங்கிய முதல் வாரத்திலேயே இருமல் வரலாம். பல மாதம் கழித்தும் வரலாம். "ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன், இப்போது எப்படி இதனால் வரும்?" என்று நீங்களே அந்தச் சாத்தியத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. பிரில் மாத்திரை சாப்பிடுபவருக்குக் காசநோய் வராது என்று எந்த விதியும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் நம் நாட்டில் சளிப் பரிசோதனை செய்து பார்ப்பதுதான் முறை. அதிலும் மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. வீசிங் இருந்தாலோ, நெஞ்செரிச்சலோடு புளித்த ஏப்பம் வந்தாலோ அதையும் சொல்லுங்கள். காரணம் வேறாக இருக்கலாம்.

நான்காம் படி: ஏன் நீங்களாக நிறுத்தக் கூடாது

ரத்தக்கொதிப்புக்கு வலி இல்லை. மாத்திரையை நிறுத்தியபின் கால் வடியும், இருமல் நிற்கும், உடம்பு நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும். பிரஷர் மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

அம்லோடிபின் உடலைவிட்டு மிக மெதுவாக வெளியேறும் மருந்து. ஒருமுறை எடுத்த மருந்தில் பாதி வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் நிறுத்திய இரண்டு மூன்று நாளில் பிபி பார்த்தால் நன்றாகவே இருக்கும். "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமலே நார்மல்" என்று நம்பிவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிரஷர் பழைய இடத்துக்குத் திரும்பும்போது அதை அளந்து பார்க்க யாரும் போவதில்லை.

இதே மெதுவான வேகம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். மூன்று நாள் நிறுத்திப் பார்த்து, கால் வடியவில்லை என்றதும் "அப்போ மாத்திரையால் இல்லை" என்று முடிவு கட்டுவார்கள். வீக்கம் வடிய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பிரில் இருமல் நிற்க ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட. ஆக, சொந்தமாக நிறுத்திப் பார்க்கும் சோதனை எந்தப் பக்கமும் உண்மையைச் சொல்வதில்லை.

இரண்டு மூன்று மாத்திரை சாப்பிடுபவர்கள், எது காரணம் என்று தெரியாமல் மொத்தமாக நிறுத்துவது இன்னும் மோசம். அந்தக் கூட்டத்தில் அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற ஒன்று இருந்தால், திடீரென்று நிறுத்துவது இதயத் துடிப்பைக் கூட்டும். இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியையே கொண்டுவரலாம். குளோனிடின் என்றால் ஒன்றிரண்டு நாளில் பிரஷர் முன்பிருந்ததைவிட மேலே எகிறும். கால் வீக்கத்துக்கும் இருமலுக்கும் சம்பந்தமில்லாத இந்த மாத்திரைகள், அவசரத்தில் சேர்ந்தே குப்பைக்குப் போய்விடுகின்றன.

பிரில் மாத்திரை சிலருக்குப் பிரஷருக்காக மட்டும் கொடுக்கப்பட்டதல்ல. மாரடைப்புக்குப் பின்னும், இதயம் பலவீனமானவர்களுக்கும், சர்க்கரையால் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கும் அது பாதுகாப்புக்காக எழுதப்பட்டிருக்கும். அவர்கள் நிறுத்தினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். மாற்றிக் கேட்டால், ஏறக்குறைய அதே பலனைத் தரும் சார்டன் கிடைக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு

பிரில் வகை சாப்பிடும்போது உதடு, நாக்கு, முகம் அல்லது தொண்டை திடீரென்று வீங்கினால், அடுத்த மாத்திரையைப் போடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அரிதாக வருவது, ஆனால் மூச்சுக்குழாயை அடைத்துவிடக் கூடியது. இதுவும் பிராடிகினின் செய்யும் வேலைதான். ஒருமுறை வந்தவர் வாழ்நாளில் எந்தப் பிரில் மாத்திரையும் எடுக்கக் கூடாது. சார்டன் கொடுப்பதா என்பதையும் மருத்துவர் மிகக் கவனமாகத்தான் முடிவு செய்வார்.

ஐந்தாம் படி: மாத்திரைக்கு மாத்திரை வாங்காதீர்கள்

கால் வீக்கம் என்று சொன்னதும் கடையிலோ சில இடங்களில் மருத்துவரிடமோ கிடைப்பது நீர் மாத்திரை, பெரும்பாலும் ஃபுரோஸ்மைடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் பாதையில் போய்த் திரும்பாதவர்கள் நிறைய.

அம்லோடிபின் வீக்கத்தில் உடம்பில் நீர் அதிகமாகிவிடவில்லை. இருக்கும் நீர் தப்பான இடத்தில் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். நீர் மாத்திரை ரத்தத்தில் இருக்கும் நீரையும் உப்பையும் இறக்கும். கசிவுக்குக் காரணமான அழுத்தம் அப்படியே இருக்கும். கால் சற்றே வடிந்ததுபோல் தெரிந்து மறுபடி வீங்கும். அதற்குள் பொட்டாசியம் குறைந்து தசைப் பிடிப்பு, சோர்வு, எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு என்று புதுத் தொந்தரவுகள் வரும். சிலருக்கு யூரிக் ஆசிட் கூடிக் கால் கட்டைவிரல் மூட்டு வலிக்கத் தொடங்கும். அதற்கு ஒரு வலி மாத்திரை போட்டால், அது பிரஷரை ஏற்றி, காலையும் வீங்க வைக்கும். ஒரே ஒரு மாத்திரையின் அளவை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்க வேண்டியது, ஐந்து மாத்திரையில் வந்து நிற்கும். இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருந்து மருத்துவர் எழுதிய நீர் மாத்திரையை நான் சொல்லவில்லை. அதை விடக் கூடாது.

பிரில் இருமலுக்கு இருமல் மருந்து வாங்குவதும் இதே கதைதான். பாட்டில் பாட்டிலாகக் குடித்தாலும் பிராடிகினின் குறையப்போவதில்லை. சில இருமல், ஜலதோஷ மருந்துகளில் இருக்கும் மூக்கடைப்பு நீக்கிகள் பிரஷரைக் கூட்டவும் செய்யும்.

ஆறாம் படி: டாக்டரிடம் எதைக் கொண்டுபோவது, என்ன சொல்வது

உயிராபத்தான அறிகுறிகள் இல்லாவிட்டால், மாத்திரையை வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு வாரத்துக்குள் போய்ப் பாருங்கள். அந்த நாட்களில் வீட்டில் பிபி பார்க்க முடிந்தால் காலையும் மாலையும் எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால் தரையில் படும்படி வைத்து, பட்டையைச் சட்டைக்கு மேலே சுற்றாமல் வெறும் கையில் கட்டி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து இரண்டு முறை பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிடம் விடுங்கள். காலையில் மாத்திரை போடும் முன்பு பார்ப்பது நல்லது.

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரை, தைராய்டு, வலி மாத்திரை, நாட்டு மருந்து எதையும் விட வேண்டாம். சாயங்காலம் வீங்கிய காலை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு டாக்டர் பார்க்கும்போது கால் வடிந்து போயிருக்கும், அவர் "ஒன்றும் தெரியவில்லையே" என்பார்.

சொல்ல வேண்டியது நாலு வரிதான்: "இந்த மாத்திரையை இன்ன தேதியில் தொடங்கினேன், இன்ன தேதியில் அளவைக் கூட்டினீர்கள். அதற்கு மூன்று வாரம் கழித்து இரண்டு காலும் வீங்க ஆரம்பித்தது. மூச்சு வாங்கவில்லை. மாத்திரை விடாமல் சாப்பிடுகிறேன், ஆனால் இது தொடர்ந்தால் முடியாது. மாற்றிக் கொடுக்க முடியுமா, டாக்டர்?" இதைவிடத் தெளிவாகச் சொல்ல எதுவும் இல்லை. நடுவில் சில நாள் விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் என்ன நடக்கும் என்பதைக் கீழே பாருங்கள்.

ஒருவர் கதையை எடுத்துக்கொள்வோம்

இட்லிக் கடை நடத்தும் 57 வயது செல்வி அம்மா என்று வைத்துக்கொள்வோம். பிரஷர் 164/98. அம்லோடிபின் 5 மி.கி. தொடங்கியதும் 150/92-க்கு வந்தது, போதவில்லை. 10 ஆக ஏற்றியதும் 134/84. நல்ல பலன்தான். ஆனால் மூன்றாவது வாரம் கொலுசைக் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. மாலை நேரக் கூட்டத்தில் அடுப்படியில் நின்றால் கால் மரக்கட்டை மாதிரி கனத்தது.

அவர் யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட ஆரம்பித்தார். அடுத்த மாதம் போனபோது 156/94. "ஒழுங்காச் சாப்பிடுறீங்களா அம்மா?" "ஆமாங்க டாக்டர்." பத்து மி.கி. அம்லோடிபின் தினமும் எடுத்தும் அடங்கவில்லை என்று நினைத்த மருத்துவர் இன்னொரு மருந்தைச் சேர்க்கப் போனார். அந்த நேரத்தில் கூட வந்த மகள், "அம்மா தினமும் சாப்பிடல, கால் வீங்குதுன்னு விட்டுட்டாங்க" என்று உடைத்துச் சொல்ல, கதை மாறியது. மகள் சொல்லாமல் இருந்து, வீட்டுக்குப் போய் பத்து மி.கி.யையும் புது மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டிருந்தால் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கி, அடுப்பு முன்னால் மயங்கி விழுந்திருக்கலாம்.

டாக்டர் அம்லோடிபினை மறுபடி 5 ஆகக் குறைத்து, எனலாப்ரில் 5 மி.கி. சேர்த்தார். இது நல்ல யோசனை. அளவு குறைந்ததோடு, பிரில், சார்டன் வகைகள் சிரைகளையும் விரிப்பதால் வடிகால் பக்கமும் திறந்து, வீக்கம் இறங்கும். இரண்டு வாரத்தில் கொலுசு மறுபடி காலுக்கு வந்தது.

ஒன்றரை மாதம் கழித்துத் தொண்டையில் அரிப்பு. வாடிக்கையாளர் முன்னால் இருமல் வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போக வேண்டிய நிலை. இரண்டு பாட்டில் இருமல் மருந்து தீர்ந்தது, இருமல் தீரவில்லை. இந்தமுறை அவர் மாத்திரையை விடவில்லை. நேரே போய்ச் சொன்னார். சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், இரண்டிலும் எதுவும் இல்லை. எனலாப்ரிலை நிறுத்தி, மறுநாளிலிருந்து டெல்மிசார்டன் 40 மி.கி. அம்லோடிபின் 5 அப்படியே. இருமல் உடனே நிற்கவில்லை. முதல் வாரம் கொஞ்சமும் மாற்றமில்லை, மூன்றாவது வாரத்தில்தான் இரவு முழுக்கத் தூங்கினார். பிரஷர் 128/80.

ஏழாம் படி: என்னென்ன மாற்று உண்டு

அம்லோடிபின் வீக்கத்துக்கு மருத்துவரிடம் பல வழிகள் இருக்கின்றன. அளவைக் குறைத்து வேறு வகையைச் சேர்ப்பது ஒன்று. செல்வி அம்மாவுக்கு நடந்தது இதுதான், எனக்கு இதுவே முதலில் பிடித்த வழி. இரண்டு மருந்து சிறிய அளவில் சேரும்போது, ஒன்றையே பெரிய அளவில் கொடுப்பதைவிடப் பிரஷரும் நன்றாக இறங்கும், தொந்தரவும் குறையும். இன்னொரு வழி, அதே குடும்பத்தில் வீக்கம் குறைவாக வரும் சில்னிடிபினுக்கோ லெர்கானிடிபினுக்கோ மாறுவது. சில்னிடிபின் நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். குறைவு என்றால் வரவே வராது என்று பொருளல்ல. இவை எதுவும் சரிவராதபோது டிபின் வகையையே விட்டு, சார்டனோ குளோர்தாலிடோன் போன்ற மருந்தோ கொடுப்பார்கள்.

எஸ்-அம்லோடிபின் என்று ஒன்று வரும். அதன் 2.5 மி.கி., சாதாரண அம்லோடிபினின் 5 மி.கி.க்குச் சமம். எண் சிறிதாக இருக்கிறதே என்று அளவு குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இரண்டு மாத்திரை போட்டுச் சரிக்கட்டவும் வேண்டாம்.

பிரில் இருமலுக்கு வழி நேரானது: சார்டனுக்கு மாறுவது. எனலாப்ரிலிலிருந்து ராமிப்ரிலுக்கு மாற்றினால் பயன் பெரும்பாலும் இருக்காது, எல்லாம் ஒரே நொதியைத்தான் தடுக்கின்றன. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குபவர்கள், "அங்கே இருப்பது இதுதான்" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருபவரிடமே தொந்தரவைச் சொல்லலாம். அவரால் மருந்தை மாற்ற முடியாது, ஆனால் மருத்துவரைப் பார்க்க வழி செய்ய முடியும்.

கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் பிரிலும் கூடாது, சார்டனும் கூடாது, சிசுவைப் பாதிக்கும்.

எட்டாம் படி: மாற்றியபின் கவனிக்க வேண்டியது

அதிகம் தப்பு நடக்கும் இடம் இதுதான். புது மாத்திரை வந்தபின்னும் பழைய அட்டையில் பத்து மாத்திரை மீதி இருக்கும். வீணாக்க மனமில்லாமல் இரண்டையும் சாப்பிடுவார்கள். எனலாப்ரிலும் டெல்மிசார்டனும் ஒன்றாகப் போனால் பொட்டாசியம் ஏறலாம், சிறுநீரகம் பாதிக்கலாம், பிரஷர் மிகவும் இறங்கலாம். இந்த இரண்டு வகையையும் ஒருவருக்கே சேர்த்துக் கொடுப்பதை மருத்துவர்களே தவிர்க்கிறார்கள். டாக்டர் அறையிலிருந்து வெளியே வரும் முன், "எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும், புதியதை எந்த நாளிலிருந்து" என்று கேட்டு, நிறுத்த வேண்டிய அட்டையின்மேல் பேனாவால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள்.

சார்டன் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்க்கச் சொல்வார்கள். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சார்டன் சாப்பிடுபவர்கள் அதை வாங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து எதுவும் உள்ளே நிற்காத நாளில் சார்டனைப் போடலாமா என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

புதிய மாத்திரையின் முழு வேலையும் தெரிய நாலு வாரம் வரை கொடுங்கள். அந்த நாட்களில் வீட்டு பிபியைக் குறித்து வாருங்கள். மருத்துவர் வேறு இலக்கு சொல்லாவிட்டால், வீட்டில் பார்க்கும்போது 135/85-க்குக் கீழே இருப்பது பொதுவாக நல்ல கட்டுப்பாடு. எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் அளவு அதிகமாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள். வீக்கத்துக்கு இரண்டு வாரமும், இருமலுக்கு ஒரு மாதமும் பொறுத்துப் பாருங்கள். அதன்பின்னும் கொஞ்சமும் குறையாவிட்டால், காரணம் மாத்திரையாக இல்லாமல் இருக்கலாம். அப்போது மேலும் பரிசோதனை வேண்டும்.

கடைசியாக, மருத்துவச் சீட்டின் மேல் ஓரத்தில் டாக்டரையே எழுதச் சொல்லுங்கள்: "எனலாப்ரில் – இருமல்", "அம்லோடிபின் 10 – கால் வீக்கம், 5 ஒத்துக்கொண்டது." அந்தச் சீட்டைப் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் ஃபோனிலும் போட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவமனையில், இரவு நேரத்தில் உங்களைச் சேர்க்க நேர்ந்தால், அங்கே இருப்பவர் முதலில் எழுதப்போவது ஒரு பிரில் மாத்திரையாகக்கூட இருக்கலாம்.